வெள்ளவத்தையிலிருந்து செட்டியார் தெரு எவ்வளவு தூரம்?

பால்மா வாங்கப் புறப்படுகிறவர் ஒழுங்கை முனையோடு நின்றுவிடுவார். தாலிக்கொடி வாங்கப் புறப்படுகிறவர் வெள்ளவத்தையில் நாலு நகைக்கடை பார்த்த பிறகும், 100ஆம் இலக்க பஸ் ஏறிப் புறக்கோட்டைக்குப் போய், செட்டியார் தெருவையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் முடிவெடுப்பார். இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று, ஒரே ஆப்பில், ஒரே பெட்டியில்தான் தேடுகிறார்கள். இரண்டு பேருக்கும் கிட்ட இருப்பதிலிருந்து தூர இருப்பது வரை வரிசைப்படுத்தி நீட்டினால், ஒருவருக்கு அது சரியான விடை. மற்றவருக்கு உதவாத விடை.

கொழும்பில் கடை தேடும் சேவை ஒன்றின் பின்பக்க வேலைதான் என் வேலை. தூரத்தையும் பொருத்தத்தையும் எப்படிச் சேர்த்து எடைபோடுவது, அந்த எடை போடுகிற முறை டேட்டாபேஸ் தேடும் விதத்தையே எப்படி மாற்றிவிடுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதவேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். இது பற்றித் தமிழில் வாசிக்க எனக்கு அதிகம் கிடைக்கவில்லை.

அடியிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு கடைக்கும் அகலாங்கு, நெட்டாங்கு என்று இரண்டு எண்கள். வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்கம் என்றால் ஏறத்தாழ 6.874, 79.861. ஒரு கிலோமீற்றருக்குள் உள்ள கடைகள் வேண்டும். அகலாங்கு நிரலுக்குச் சாதாரண இன்டெக்ஸ் ஒன்று போட்டு, 6.865 முதல் 6.883 வரை எடு என்று சொன்னால் என்ன வரும்? இலங்கையைக் குறுக்கே வெட்டிய ஒரு பட்டி வரும். அந்தப் பட்டியில் வெள்ளவத்தையும் இருக்கும், அங்கே மலைநாட்டில் எல்லவும் இருக்கும். இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே அகலாங்கில் இருப்பவை. நெட்டாங்குக்கு இன்னொரு இன்டெக்ஸ் போட்டால் தெற்கு வடக்காக இன்னொரு பட்டி கிடைக்கும். இரண்டு பட்டிகளும் வெட்டிக்கொள்ளும் சின்னச் சதுரம்தான் நமக்கு வேண்டியது. ஆனால் அதை எடுப்பதற்காக இரண்டு நீளப் பட்டிகளையும் வாசித்தாக வேண்டும். கடைகள் சில ஆயிரம் இருக்கும்வரை இது உறைக்காது. லட்சக்கணக்கில் வந்ததும் உறைக்கும்.

இதைத் தீர்க்கப் பலரும் முதலில் எடுப்பது ஜியோஹாஷ். 2008இல் குஸ்தாவோ நீமேயர் என்பவர் வெளியிட்ட முறை. உலகத்தை நெட்டாங்கில் இரண்டாகப் பிரி, பிறகு அகலாங்கில் இரண்டாகப் பிரி, மாறி மாறிப் பிரித்துக்கொண்டே போ. ஒவ்வொரு பிரிப்புக்கும் 0 அல்லது 1. ஐந்து பிட்டுக்கு ஒரு எழுத்து. இப்படிச் செய்தால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சின்ன எழுத்துச் சரம் கிடைக்கும். முன்னெழுத்துகள் ஒத்துப்போனால் இரண்டு இடங்களும் ஒரே கட்டத்துக்குள் இருக்கின்றன என்று அர்த்தம். வெள்ளவத்தையின் அந்தப் புள்ளி `tc0z17` என்ற கட்டத்தில் விழும். புறக்கோட்டையின் நடுப்பகுதி `tc0z3` என்று தொடங்கும். பழைய எழுத்து இன்டெக்ஸே போதும், முன்னெழுத்தைக் கொடுத்துத் தேடலாம். அழகான யோசனைதான்.

சிக்கல் என்னவென்றால், ஒத்துப்போனால் கிட்ட என்பது உண்மை. ஒத்துப்போகாவிட்டால் தூர என்பது உண்மை இல்லை. இந்த இரண்டாவது பாதி கொழும்பில் மிக மோசமான ஒரு இடத்தில் வெளிப்படுகிறது. ஜியோஹாஷ் பிரிப்புக் கோடுகளில் ஒன்று 6.85546875 அகலாங்கில் ஓடுகிறது. வெள்ளவத்தைக்கும் தெஹிவளைச் சந்திக்கும் இடையில் அது காலி வீதியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. சின்னக் கோடு இல்லை, நாலாவது எழுத்தையே மாற்றும் பெரிய கோடு. கோட்டுக்குச் சற்று வடக்கே 6.857, 79.864 என்ற இடத்தை எடுத்தால் `tc0z12`. சற்றுத் தெற்கே 6.854, 79.864 என்ற இடத்தை எடுத்தால் `tc0ycr`. இரண்டுக்கும் இடையில் 330 மீற்றர்தான். நாலெழுத்துக் கட்டம் என்பது ஏறத்தாழ 39 கிலோமீற்றர் அகலமும் 19.5 கிலோமீற்றர் உயரமும் கொண்டது. அவ்வளவு பெரிய கட்டத்தை வைத்துத் தேடினால்கூட இந்த இரண்டு இடங்களும் ஒன்றையொன்று காணாது.

தெஹிவளையில் பாமசி வைத்திருக்கும் ஒருவர் வேறொரு ஆப்பைக் காட்டி என்னிடம் கேட்டார்: "தம்பி, இங்கயிருந்து நாலு நிமிஷம் நடந்தா வெள்ளவத்தைப் பக்கம். அங்க இருக்கிற ஆக்களுக்கு என்ட கடை காட்டுதில்லை. ரத்மலானைப் பக்கம் இருக்கிற ஆக்களுக்குக் காட்டுது. இது என்ன கணக்கு?" அந்த ஆப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் முன்னெழுத்தை மட்டும் வைத்துத் தேடினால் விளைவு அச்சொட்டாக இப்படித்தான் இருக்கும். வடக்கே நாலு நிமிடத்தில் இருப்பவருக்குக் கடை தெரியாது. தெற்கே மூன்று கிலோமீற்றரில் இருப்பவருக்குத் தெரியும். ஒரு கடைக்காரர் தன் வாடிக்கையாளரில் பாதிப் பேரை, தெருவில் எங்கேயும் போடாத ஒரு கோட்டால் இழக்கிறார். இந்த வேலையில் எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இதுதான்.

திருத்தம் தெரிந்ததுதான். நிற்கும் கட்டத்தோடு சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் சேர்த்து ஒன்பது கட்டங்களில் தேட வேண்டும். அதிலும் ஒரு கவனம் தேவை. ஆறெழுத்துக் கட்டம் கிழக்கு மேற்காக 1.2 கிலோமீற்றர், தெற்கு வடக்காக 0.6 கிலோமீற்றர். கட்டத்தின் விளிம்பில் நிற்பவருக்கு ஒன்பது கட்டங்கள் உத்தரவாதம் தருவது தெற்கு வடக்கில் 600 மீற்றர் மட்டுமே. ஒரு கிலோமீற்றர் வேண்டுமென்றால் ஐந்தெழுத்துக்கு இறங்க வேண்டும். அப்போது ஒரு கட்டமே பக்கத்துக்கு 4.9 கிலோமீற்றர் ஆகிவிடும், தேவையைவிடப் பல மடங்கு கடைகளை அள்ளிக்கொண்டு வரும்.

அதனால் நாங்கள் கடைசியில் தங்கியது ஆர்-மரத்தில். 1984இல் அன்ரொனின் குட்மன் எழுதிய முறை. இடங்களைக் கையாளும் டேட்டாபேஸ் நீட்சியான போஸ்ட்ஜிஐஎஸ் இன்றைக்கும் அந்த வழியில்தான் இடங்களை அடுக்கி வைக்கிறது. இது உலகத்தை முன்கூட்டியே கட்டம் கட்டுவதில்லை. இருக்கிற கடைகளைப் பார்த்து, அருகருகே உள்ளவற்றை ஒரு செவ்வகத்துக்குள் போட்டு, அந்தச் செவ்வகங்களை இன்னும் பெரிய செவ்வகங்களுக்குள் போட்டுக்கொண்டு மேலே போகிறது. புறக்கோட்டையில் கடைகள் நெருக்கம், அதனால் அங்கே செவ்வகங்கள் சின்னவை. கடலில் கடை இல்லை, அதனால் அங்கே செவ்வகமே இல்லை. கொழும்புக்கு இது முக்கியம். வெள்ளவத்தையில் நின்று இரண்டு கிலோமீற்றருக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள், பாதிக்குக் கொஞ்சம் குறைவான பகுதி கடலுக்குள் விழும்.

கிட்ட உள்ளதை முதலில் எடுக்கும் தேடல் இந்த மரத்தில் எப்படி நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டியது, பின்னால் தேவைப்படும். ஒவ்வொரு செவ்வகத்துக்கும் "இதற்குள் இருக்கும் எந்தக் கடையும் இதைவிடக் கிட்ட இருக்க முடியாது" என்று ஒரு குறைந்தபட்சத் தூரம் சொல்லலாம். நான் வெள்ளவத்தைச் செவ்வகத்துக்குள்ளேயே நிற்கிறேன், அதற்குத் தூரம் 0. பம்பலப்பிட்டிச் செவ்வகத்தின் கிட்டிய விளிம்பு 700 மீற்றர் என்று வைப்போம், புறக்கோட்டைச் செவ்வகம் 6.5 கிலோமீற்றர். வரிசையில் மிகக் குறைந்த எண் உள்ளதைத் திற. உள்ளே இருந்தவற்றை அவற்றின் தூரத்தோடு மறுபடி வரிசையில் போடு. ஒரு கடையே வரிசையின் முன்னுக்கு வந்துவிட்டால், அதைவிடக் கிட்ட வேறெதுவும் இருக்க வழியில்லை. அதை வெளியே கொடு. இப்படி ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்கத் தூர வரிசையில் கடைகள் வந்துகொண்டே இருக்கும். புறக்கோட்டைச் செவ்வகம் அதன் முறை வரும்வரை திறக்கப்படுவதே இல்லை.

```sql
SELECT id, name
FROM shops
ORDER BY geog <-> ST_MakePoint(79.861, 6.874)::geography
LIMIT 100;
```

இதில் நெட்டாங்குதான் முதலில் வர வேண்டும். மாற்றிப் போட்ட கடை, நோர்வேக்கும் வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். அது உடனே கண்ணில் படுகிற பிழை. கண்ணில் படாத பிழை ஒன்று உண்டு. பாகைகளை அப்படியே எடுத்துப் பைதகரஸ் தேற்றத்தில் போட்டுத் தூரம் கணக்கிட்டால், கொழும்பில் விடை கிட்டத்தட்டச் சரியாகவே வரும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், இங்கே ஒரு பாகை அகலாங்கு 110.6 கிலோமீற்றர், ஒரு பாகை நெட்டாங்கு 110.5 கிலோமீற்றர். அதே குறிநிரலை லண்டனில் உள்ள தமிழ்க் கடைகளுக்குப் போட்டால், அங்கே ஒரு பாகை நெட்டாங்கு 69 கிலோமீற்றர்தான். கிழக்கு மேற்காக உள்ள கடைகள் எல்லாம் உண்மையைவிடத் தூரமாகத் தெரியும். கொழும்பில் மட்டும் சோதித்துவிட்டுச் சரி என்று விடக்கூடாத இடம் இது.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். மேலே உள்ள கட்டளையில் `LIMIT 100` என்று ஒரு வரி இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் இப்படித்தான் செய்வார்கள்: கிட்டிய நூறு கடைகளை எடு, பிறகு அந்த நூறையும் தேடிய சொல்லுக்குப் பொருத்தமாக வரிசைப்படுத்து. காலி வீதியில் கிட்டிய நூறு கடைகள் சில நூறு மீற்றருக்குள் முடிந்துவிடும். புடைவைக் கடை, போன் ரீலோட், பேக்கரி, சாப்பாட்டுக் கடை, எல்லாம் அதற்குள் வந்துவிடும். செட்டியார் தெரு அந்த நூறுக்குள் வர வாய்ப்பே இல்லை. பிறகு எவ்வளவு நுட்பமாக வரிசைப்படுத்தினாலும், கைக்கு வராத கடையை மேலே ஏற்ற முடியாது. வரிசைப்படுத்தும் சூத்திரத்தைத் திருத்தித் திருத்திப் பார்த்து ஒன்றும் மாறவில்லை என்றால், பிழை சூத்திரத்தில் இல்லை, அதற்கு முந்திய வெட்டில் இருக்கிறது. கண்டுபிடிப்பதும் எளிது. வர வேண்டிய ஒரு கடையின் இலக்கத்தை எடுத்து, முதல் படியில் வந்த நூறில் அது இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

எங்கே வெட்டுவது என்று தெரிய, எப்படி எடை போடுகிறோம் என்று முதலில் முடிவெடுக்க வேண்டும். பொருத்தத்தை 0 முதல் 1 வரை ஒரு எண்ணாக எடுப்போம். தேடிய சொல் கடையின் வகையோடும் பொருட்களோடும் எவ்வளவு சேர்கிறது என்பதன் அளவு அது. தூரத்தை "எத்தனை கிலோமீற்றரில் ஆர்வம் பாதியாகும்" என்ற கேள்வியாக மாற்றுவோம். கடை இருக்கும் தூரத்தை d என்றும் அந்தப் பாதித் தூரத்தை s என்றும் வைத்தால்:

```
score = relevance * 0.5 ^ (d / s)
```

பால்மாவுக்கு s 300 மீற்றர் என்று வைக்கலாம், பாமசிக்கு 1 கிலோமீற்றர், நகைக்கு 10 கிலோமீற்றர். தாலிக்கொடி தேடும் ஒருவருக்கு மூன்று கடைகள் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 150 மீற்றரில் கவரிங் நகை விற்கும் கடை, பொருத்தம் 0.4. 900 மீற்றரில் வெள்ளவத்தையிலேயே ஒரு தங்க நகைக்கடை, பொருத்தம் 0.8. ஏழரைக் கிலோமீற்றரில் செட்டியார் தெருக் கடை, தாலிக்கொடியே அதன் முக்கிய வியாபாரம், பொருத்தம் 1.

எல்லாத் தேடலுக்கும் பொதுவாக s ஒரு கிலோமீற்றர் என்று வைத்தால், கவரிங் கடை 0.36, வெள்ளவத்தை நகைக்கடை 0.43, செட்டியார் தெரு 0.006. கடைசிக் கடை பட்டியலிலிருந்தே காணாமல் போகிறது, கவரிங் கடை தங்கக் கடையோடு தோளுரசுகிறது. s பத்துக் கிலோமீற்றர் என்றால், 0.40, 0.75, 0.59. வெள்ளவத்தைத் தங்கக் கடை முதலில், செட்டியார் தெரு இரண்டாவது, கவரிங் மூன்றாவது. கல்யாண வீட்டுக்காரர் எவரும் இந்த வரிசையை ஒத்துக்கொள்வார். மாற்றியது ஒரே ஒரு எண்.

ஏன் பெருக்கல், கூட்டினால் என்ன என்று என்னோடு வேலை செய்யும் தங்கச்சி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, பலர் கூட்டத்தான் செய்கிறார்கள். பொருத்தத்துக்குப் பாதி, தூரத்துக்குப் பாதி என்று கூட்டி, "பாமசி" என்று தேடிப் பார்த்தோம். மூன்று கிலோமீற்றரில் ஒரு பாமசி, பொருத்தம் 0.8, s ஒரு கிலோமீற்றர். கூட்டினால் 0.40 + 0.06, மொத்தம் 0.46. நிற்கும் இடத்திலிருந்து 20 மீற்றரில் ஒரு போன் கடை. அதன் முகவரியில் "பாமசிக்கு எதிரே" என்று எழுதியிருப்பதால் பொருத்தம் 0.05. கூட்டினால் 0.025 + 0.49, மொத்தம் 0.52. போன் கடை மேலே வந்துவிட்டது. பெருக்கினால் பாமசிக்கு 0.10, போன் கடைக்கு 0.05. கூட்டலில் கிட்ட இருப்பது ஒன்றே ஒரு தகுதியாகிவிடுகிறது. பெருக்கலில் பொருத்தம் இல்லாத கடைக்குக் கிட்ட இருப்பதால் ஒன்றும் கிடைக்காது. நம்மூர் முகவரிகளில் "பாங்குக்கு முன்னால்", "கோயிலுக்குப் பக்கத்தில்" என்று எழுதும் வழக்கம் இருக்கும்வரை இந்த வேறுபாடு அன்றாடம் கண்ணில் படும். முகவரி நிரலில் வரும் சொல்லுக்குப் பொருத்தத்தில் மிகக் குறைந்த இடம் கொடுப்பதும் அதே காரணத்துக்குத்தான்.

தூரச் சரிவுக்குக் காஸ் வளைவையும் பயன்படுத்தலாம். எலாஸ்டிக்சேர்ச் என்ற தேடல் மென்பொருளில் `gauss` என்றும் `exp` என்றும் இரண்டும் இருக்கின்றன. காஸ் வளைவு கிட்டத்தில் மெதுவாக இறங்கி, தூரத்தில் செங்குத்தாக விழும். பாதித் தூரத்தின் மூன்று மடங்கில் `exp` இன்னும் 0.125 வைத்திருக்கும், `gauss` 0.002க்கு வந்துவிடும். கடைகளுக்கு எனக்குப் பிடித்தது `exp`தான். தூரத்தில் உள்ள நல்ல கடை மெல்லப் பின்னுக்குப் போக வேண்டும், திடீரென்று மறையக்கூடாது. கூடவே முதல் 100 மீற்றருக்குள் எல்லாத் தூரமும் ஒன்றே என்று வைத்துவிடுகிறோம். கட்டடங்களுக்கு நடுவே போன் காட்டும் இடமே பல பத்து மீற்றர் தள்ளிப் போகும்போது, 30 மீற்றரையும் 60 மீற்றரையும் வைத்து இரண்டு கடைகளைத் தரம் பிரிப்பது அநியாயம்.

இப்போது அந்த வெட்டுக்குத் திரும்பலாம். பொருத்தம் ஒருபோதும் 1ஐத் தாண்டாது. அதனால் d தூரத்தில் உள்ள எந்தக் கடையும் 0.5 ^ (d / s) என்பதைவிட அதிக ஸ்கோர் பெற முடியாது. ஆர்-மரம் கடைகளைத் தூர வரிசையில் ஒவ்வொன்றாகத் தந்துகொண்டிருக்கிறது. நாம் பத்துக் கடைகள் காட்டப் போகிறோம் என்றால், இதுவரை வந்தவற்றில் பத்தாவது சிறந்த ஸ்கோரைக் கையில் வைத்துக்கொள்வோம். அது 0.5 என்று ஆகிவிட்டால், s தூரத்துக்கு அப்பால் இருக்கும் எந்தக் கடையும் அதை முந்த முடியாது. அங்கேயே நிறுத்தலாம். அது 0.25 என்றால் இரண்டு மடங்கு s வரை போக வேண்டும். பால்மா தேடும்போது இந்தக் கணக்கு 300 மீற்றரில் நிறுத்தும், தாலிக்கொடி தேடும்போது பத்துக் கிலோமீற்றர் வரை போகும். நூறு என்றோ இரண்டு கிலோமீற்றர் என்றோ யாரும் நினைத்துச் சொன்ன எல்லை தேவையில்லை. எங்கே நிறுத்துவது என்பதை ஸ்கோரே சொல்லும், விடையும் முழுமையாகச் சரியாக இருக்கும். இந்த ஒரு இணைப்புக்காகத்தான் நான் பெருக்கல் சூத்திரத்தை விடுவதில்லை.

ஆனால் பத்துக் கிலோமீற்றர் வரை தூர வரிசையில் நடப்பது என்றால், வழியில் உள்ள அத்தனை பேக்கரியையும் ரீலோட் கடையையும் எடுத்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். `EXPLAIN ANALYZE` போட்டுப் பார்த்தால் `Rows Removed by Filter` என்ற வரியில் அது தெரியும். காட்டப் போகும் கடைகள் பத்து, தள்ளப்பட்டவை பத்தாயிரக்கணக்கில் என்று வந்தால், இன்டெக்ஸ் தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். அடிக்கடி தேடப்படும் வகைகளுக்குத் தனியாக ஒரு பகுதி இன்டெக்ஸ் போட்டால் இது தீர்ந்துவிடும்.

```sql
CREATE INDEX shops_jewellery_geog
  ON shops USING gist (geog)
  WHERE category = 'jewellery';
```

இந்த மரத்தில் நகைக்கடைகள் மட்டும்தான் இருக்கும். வெள்ளவத்தையிலிருந்து செட்டியார் தெருவுக்கு நடுவே தாண்ட வேண்டியது மற்ற நகைக்கடைகளை மட்டுமே. தேடும் கட்டளையிலும் அதே `WHERE` நிபந்தனை இருந்தால்தான் டேட்டாபேஸ் இந்த இன்டெக்ஸை எடுக்கும். மிக அரிதான பொருட்களுக்கு எதிர்த் திசையில் போவது நல்லது. நகரம் முழுவதிலும் முப்பது கடைகளில் மட்டும் இருக்கும் ஒரு பொருளுக்கு இட இன்டெக்ஸே வேண்டாம். எழுத்து இன்டெக்ஸால் அந்த முப்பதையும் எடுத்து, முப்பதுக்கும் தூரம் கணக்கிட்டுவிடலாம்.

இதுவரை சொன்ன தூரம் எல்லாம் காகம் பறக்கிற தூரம். கொழும்பில் அது எப்போதும் நடக்கிற தூரம் ஆகாது. வெள்ளவத்தைக் கால்வாயின் ஒரு கரையில் வீடு, நேர் எதிர்க் கரையில் கடை என்றால் வரைபடத்தில் 80 மீற்றர் என்று காட்டும். பாலம் உள்ள வீதிக்குப் போய்ச் சுற்றி வர அதைப் போலப் பல மடங்கு ஆகலாம். பேரை வாவியின் இரு கரைகளிலும் இதே கதை. எல்லாக் கடைக்கும் வீதி வழித் தூரம் கணக்கிடுவது கனதியான வேலை. ஆனால் வீதித் தூரம் ஒருபோதும் நேர்த் தூரத்தைவிடக் குறையாது. அதனால் மேலே சொன்ன நிறுத்தும் விதி அப்படியே செல்லும். நேர்த் தூரத்தின்படி வரும் கடையை எடு, அது பத்துக்குள் வரக்கூடியதாக இருந்தால் மட்டும் வீதித் தூரத்தைக் கேட்டு ஸ்கோரைத் திருத்து, பத்தாவது ஸ்கோரை மறுபடி பார். பெரும்பாலான தேடல்களில் வீதித் தூரம் கேட்க வேண்டிய கடைகள் மிகச் சில.

எதைச் செய்தாலும் இடம் பிழையாக இருந்தால் எல்லாம் வீண். இங்கே அதிகம் காணும் பிழை, முகவரியில் "கொழும்பு 06" என்று மட்டும் இருக்கும் கடை. முகவரியை இடமாக மாற்றும் சேவை அதை வெள்ளவத்தையின் நடுப்புள்ளியில் கொண்டுபோய் வைத்துவிடும். அப்படிப் பல கடைகள் ஒரே புள்ளியில் குவியும். அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு எல்லாமே வாசலில் இருப்பதுபோலத் தெரியும்.

```sql
SELECT geog::text, count(*)
FROM shops GROUP BY 1
HAVING count(*) > 20
ORDER BY 2 DESC;
```

அடுக்குமாடிக் கடைத்தொகுதி ஒன்றில் இருபது கடைகள் ஒரே புள்ளியில் இருப்பது இயல்பு. நடு வீதியிலோ வீடுகளுக்கு நடுவிலோ இருபது கடைகள் இருந்தால் அவற்றை நேரில் போய்த்தான் திருத்த வேண்டும். திருத்தும்வரை அவற்றின் தூரத்தை நம்பாமல், அந்த வட்டாரத்தின் சராசரித் தூரம் என்று வைத்துக்கொள்கிறோம். இதனால் அவை முதலிடத்துக்கும் வராது, தொலைந்தும் போகாது.

கடைசியாக அந்த s. 300 மீற்றர், 1 கிலோமீற்றர், 10 கிலோமீற்றர் என்று மேலே எழுதியவை தொடக்கத்துக்கு வைக்கும் எண்கள். ஆட்கள் எந்த வகைக் கடைக்கு எவ்வளவு தூரம் போனார்கள் என்பது வழி கேட்டு அமுக்கிய பதிவுகளில் இருக்கிறது. வகை வாரியாக அந்தத் தூரங்களின் நடு எண்ணை எடுத்தால் நல்ல தொடக்கம். ஆனால் அதை அப்படியே நம்ப முடியாது. மேலே காட்டிய கடையைத்தான் ஆட்கள் அதிகம் அமுக்குகிறார்கள், மேலே காட்டியது கிட்டிய கடை என்றால் பதிவும் "எல்லாரும் கிட்டத்தான் போகிறார்கள்" என்றே சொல்லும். நாம் முன்பு வைத்த s தன்னைத் தானே உறுதிப்படுத்திக்கொள்ளும். இதைத் தவிர்க்க, தேடல்களில் ஒரு சிறு பங்கில் மட்டும் பட்டியலில் அடுத்தடுத்து உள்ள இரண்டு கடைகளை இடம் மாற்றிக் காட்டுகிறோம். கிட்ட உள்ளது கீழேயும் தூர உள்ளது மேலேயும் இருக்கும்போது ஆட்கள் எதை எடுக்கிறார்கள் என்று பார்த்தால், பட்டியலில் வரும் இடத்தின் ஈர்ப்பையும் தூரத்தின் ஈர்ப்பையும் பிரித்துவிடலாம். ஒவ்வொரு வகைக்கும் இப்படி வந்த s-ஐ எடுத்துப் போடுகிறோம். இரவில் பாமசிக்கு அது பகலைவிடக் கூடும். திறந்திருக்கும் கடைகள் குறைவு என்பதால் ஆட்கள் கூடுதல் தூரம் போகத் தயாராக இருக்கிறார்கள். அதனால் பாமசிக்கு மட்டும் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு s வைத்திருக்கிறோம்.